போன் செய்து கேட்டாயிற்று. ஆனால் எந்த நம்பருக்கு?

*தேக்கா பக்கம் மளிகைச் சாமான் இறக்குமதி செய்யும் சிறிய நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். விருதுநகர் சப்ளையரிடம் வற்றல் மிளகாய் எடுக்கிறோம். மொத்தம் 41,600 அமெரிக்க டாலரில் 30 சதவீதம் முன்பணம் கட்டியாகிவிட்டது, பாக்கி 29,120. செவ்வாய்க்கிழமை அவர்களிடமிருந்து இமெயில் வந்தது: பழைய கணக்கு ஆடிட்டில் இருக்கிறதாம், பாக்கியை அவர்களுடைய இன்னொரு நிறுவனத்தின் ஹாங்காங் கணக்குக்கு அனுப்ப வேண்டுமாம். உறுதி செய்யச் சொல்லிப் பதில் போட்டேன். இருபது நிமிடத்தில் சீலும் கையெழுத்தும் வைத்த கடிதம் வந்தது. அதிலிருந்த நம்பருக்குப் போனும் செய்தேன். ஒருவர் "சரிதான் மேடம்" என்றார். முதலாளி வெளியூரில் இருக்கிறார். "கன்டெய்னர் வந்துடும், இன்னைக்கே அனுப்பு" என்று வாட்ஸ்அப்பில் சொல்கிறார். அனுப்பலாமா?*
*(பெயர் வேண்டாம், சிராங்கூன்)*

அனுப்ப வேண்டாம். வங்கியின் இணையப் பக்கத்தில் இந்தத் தொகையை ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தால் முதலில் அதை ரத்து செய்யுங்கள். ஒப்புதலுக்குக் காத்து நிற்கும் ஒரு பதிவை, முதலாளி எங்கேயோ வரிசையில் நின்றபடி கைப்பேசியில் ஒரே தட்டில் அனுப்பிவிட முடியும். நீங்கள் விசாரித்து முடிப்பதற்குள் அது நடந்துவிடக் கூடாது.

இமெயில் வழியே ஒரு முறை, கடிதத்தின் மூலம் ஒரு முறை, போனில் ஒரு முறை என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். ஆனால் மூன்று தடவையும் கேட்டது ஒரே ஆளிடம். இமெயிலுக்குப் பதில் போட்டால் அது இமெயில் அனுப்பியவரிடமே போகும். கடிதத்தை அனுப்பியவரும் அவரே, கடிதத்தில் நம்பரை அச்சடித்தவரும் அவரே. அந்த நம்பரை எடுத்து "சரிதான் மேடம்" என்றவர் சப்ளையராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எது என்று கண்டுபிடிக்க நீங்கள் செய்த எந்தச் சோதனையாலும் முடியாது. கையில் எடுத்தது போனா கம்ப்யூட்டரா என்பது முக்கியமல்ல. அந்த நம்பர் உங்களிடம் எப்போது, யார் மூலமாக வந்தது என்பதுதான் முக்கியம். இந்த இமெயில் வருவதற்கு முன்பே உங்கள் கையில் இருந்த நம்பர் மட்டுமே வேறு வழி.

இந்த மோசடி பெரும்பாலும் இரண்டு விதத்தில் நடக்கிறது. உங்களுடையது எது என்று இமெயிலைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம், ஆனால் முழுக்கச் சொல்ல முடியாது.

முதல் விதம், பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும் வேறு முகவரி. திரையில் சப்ளையரின் பெயர்தான் தெரியும். பெயருக்குப் பின்னால் இருக்கும் முகவரியைத் தொட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். கற்பனையாக ஓர் உதாரணம்:

```
From:     Kamalam Exports <accounts@kamalam-exports.example>
Reply-To: accounts@karnalam-exports.example
```

மேல் வரியில் இருப்பது `m`. கீழே இருப்பது `r`, `n` இரண்டும் ஒட்டிக்கொண்டு `m` போலத் தெரிவது. `Reply-To` என்ற வரி, நீங்கள் "பதில்" அழுத்தினால் கடிதம் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. திரையில் அது தானாகத் தெரியாது. ஜிமெயிலில் மூன்று புள்ளி மெனுவில் `Show original` என்று அழுத்தினால் இரண்டு வரியும் வரும். எழுத்தை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். கண்ணை ஏமாற்றிய எழுத்து அங்கே வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது விதம்தான் மோசமானது. சப்ளையரின் உண்மையான இமெயில் பெட்டியின் கடவுச்சொல்லே திருடு போயிருக்கும். திருடியவர் உடனே ஒன்றும் செய்யமாட்டார். உள்ளே உட்கார்ந்து வாரக்கணக்கில் படிப்பார். முன்பணம் எப்போது வந்தது, பாக்கி எவ்வளவு, கப்பல் எந்தத் தேதியில் தூத்துக்குடியை விட்டது, நீங்கள் கடிதத்தை எப்படித் தொடங்குவீர்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். உங்கள் கடிதங்கள் உண்மையான சப்ளையரின் கண்ணில் படாதபடி அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு விதி எழுதி வைப்பார். உங்கள் பெயரில் வருவதெல்லாம் யாரும் திறந்து பார்க்காத ஏதோ ஒரு ஃபோல்டருக்குப் போய்விடும். பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே, சரியான தொகையோடு, சரியான முகவரியிலிருந்தே அவர் எழுதுவார். கடிதம் எந்த முகவரியிலிருந்து புறப்பட்டது என்பதைச் சரிபார்க்கும் `SPF`, `DKIM`, `DMARC` சோதனைகள் மூன்றிலும் `PASS` என்றே காட்டும். அது பொய்யும் இல்லை: கடிதம் அந்தப் பெட்டியிலிருந்துதான் புறப்பட்டது. அனுப்பியது யார் என்பதை அந்தச் சோதனைகள் சொல்வதில்லை. சீலும் கையெழுத்தும் பழைய இன்வாய்ஸின் பி.டி.எஃப்-இலிருந்து வெட்டி ஒட்டியதாக இருக்கும். அதனால்தான் இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. விருதுநகரில் உண்மையாகவே ஒரு பங்குதாரரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கி, சீல் குத்தி, ஸ்கேன் செய்து அனுப்ப இருபது நிமிடம் போதுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே முகவரி தவறாக இருந்தால் மோசடி என்று முடிவு செய்யலாம். முகவரி சரியாக இருக்கிறது என்பதால் நம்பிவிட முடியாது.

இப்போது நம்பரைத் தேட வேண்டும். புதிய இமெயிலை மூடிவிட்டு, அது வருவதற்கு முந்திய காகிதங்களை எடுங்கள். முதல் கொள்முதலின் ஒப்பந்தம் அல்லது புரோஃபார்மா, முந்தைய ஆண்டின் அச்சு இன்வாய்ஸ், முதலாளியின் மேசையில் இருக்கும் விசிட்டிங் கார்டு, எல்லாவற்றுக்கும் மேலாக முன்பணம் கட்டிய சமயத்தில் நீங்கள் பேசிய நம்பர். பழைய சரக்கின் ஆவணங்கள் கூரியரில் வந்திருந்தால் அந்த உறையின் மேல் அனுப்புநரின் தொலைபேசி எண் இருக்கும்; பலரும் நினைத்துப் பார்க்காத நல்ல இடம் அது. முதலாளி அந்தக் குடும்பத்தோடு வருடக்கணக்கில் பேசிப் பழகியவர் என்றால் அவருடைய கைப்பேசியில் ஒரு நம்பர் கட்டாயம் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய இமெயில்களின் அடியில் இருக்கும் நம்பரை எடுக்கலாமா என்று கேட்பீர்கள். மிகப் பழையதாக இருந்தால் எடுக்கலாம். கடந்த ஓரிரு மாதத்தியதாக இருந்தால் வேண்டாம். திருடியவர் எப்போது உள்ளே நுழைந்தார் என்பது தெரியாது. சிலர் கணக்கு மாற்றத்தைக் கேட்பதற்கு முன்பே, "எங்கள் அலுவலக எண் மாறிவிட்டது" என்று சாதாரணமாக ஒரு கடிதம் அனுப்பித் தயார் செய்து வைத்துவிடுவார்கள். உங்கள் கோப்பில் சப்ளையரின் எண் சமீபத்தில் இமெயில் மூலம் மாற்றப்பட்டிருந்தால், அதற்கு முந்திய எண்ணையே எடுங்கள்.

வாட்ஸ்அப் நம் ஊரில் எல்லோரும் பயன்படுத்துவதால் அதையும் சொல்ல வேண்டும். பழைய எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்பது இமெயிலை விட மேல், ஆனால் போதாது. கணக்கைப் பிறர் கைப்பற்றியிருந்தால் எழுத்தில் வரும் பதிலுக்கு அர்த்தமில்லை. அந்த உரையாடலில், பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது என்று அண்மையில் ஓர் அறிவிப்பு வந்திருந்தால், அவர் புதுப் போன் வாங்கியிருக்கலாம் அல்லது வேறொருவர் உள்ளே வந்திருக்கலாம். சாதாரணத் தொலைபேசியில், நீங்களே எண்ணை அழுத்தி, குரலில் பேசுங்கள். அவர்களாக உங்களைக் கூப்பிட்டால், "நானே திரும்பக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டுப் பழைய எண்ணை அழுத்துங்கள். குரலைக்கூட இப்போது போலியாகச் செய்ய முடிகிறது. உண்மையான எண்ணை நீங்கள் அழுத்தும்போது அந்தப் போலிக் குரலுக்கு அங்கே இடமில்லை.

நேரத்தையும் பாருங்கள். விருதுநகர் நம்மை விட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. காலை 10 மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் அங்கே 7.30, கடையைத் திறந்திருக்க மாட்டார்கள். இங்கே 1 மணிக்கு மேல் கூப்பிட்டால் அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள். பொங்கல் நாட்களில் அங்கே அலுவலகம் மூடியிருக்கும். கணக்கு மாற்றக் கடிதம் சரியாக அந்த நாட்களில் வந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

யாரிடம் பேசுவது என்பதும் முக்கியம். இமெயில் எழுதியதாகச் சொல்லப்படும் ஆளை விட்டுவிட்டு, பங்குதாரர் அல்லது தலைமைக் கணக்காளரிடம் கேளுங்கள். காரணம், சில சமயம் வெளியாள் யாருமே இருக்க மாட்டார். சப்ளையரின் விற்பனைப் பிரிவில் வேலை செய்பவரே தனக்கு வேண்டிய கணக்கைக் கொடுத்திருப்பார். அப்படியானால் அவருடைய உண்மையான நம்பருக்கே கூப்பிட்டாலும் "ஆமாம்" என்றுதான் சொல்வார். கணக்கு மாற்றத்தை நிறுவனத்தில் இன்னொருவரும் அறிந்திருக்க வேண்டும். அந்த இன்னொருவரைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும்.

பேசும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, பதிலைக் கேள்வியிலேயே கொடுத்துவிடுவது. "ஹாங்காங் கணக்குக்கு மாத்திட்டீங்களா, கடைசி நாலு எண் இதுதானே?" என்று கேட்டால், அவசரத்தில் இருப்பவர், அல்லது வேறு ஏதோ ஒரு கணக்கை நினைத்துக்கொண்டிருப்பவர், "ஆமாங்க" என்றுவிடுவார். எண்ணை அவர் சொல்ல வேண்டும். நீங்கள் ஒப்பிட வேண்டும். உரையாடல் கிட்டத்தட்ட இப்படிப் போகலாம்:

"வணக்கம் அண்ணாச்சி, சிங்கப்பூர்ல இருந்து பேசுறேன். நம்ம பாக்கித் தொகை விஷயமா ஒரு சின்ன சந்தேகம். பணத்தை எந்த பேங்க்குக்கு அனுப்பணும்?"

"அதேதான்மா, போன தடவை அனுப்புன அதே பேங்க்தான். ஏன்?"

"புதுக் கணக்கு ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்லையே! யாரு சொன்னா?"

இங்கேயே முடிந்துவிட்டது. இதற்கு மேல் செவ்வாய்க்கிழமை வந்த இமெயிலுக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். அண்ணாச்சியையும் அந்தப் பெட்டியிலிருந்து எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே இருப்பவர் படித்துவிட்டால், கணக்கை மூடிக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடுவார். அவர்கள் கடவுச்சொல்லை மாற்றி, பெட்டிக்குள் யாரும் எழுதாத விதிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, மற்ற இறக்குமதியாளர்களுக்கும் போனில் எச்சரிக்க வேண்டும். கடிதத்தை அழித்துவிடாதீர்கள், காவல்துறைக்கு அதன் முழு மூலவடிவம் தேவைப்படும்.

கணக்கு உண்மையாகவே மாறியிருந்தால்? அதுவும் நடக்கும். வங்கிகள் இணைகின்றன, நிறுவனங்கள் கிளையை மாற்றுகின்றன. அப்போது வங்கிப் பெயர், கணக்கின் பெயர், கணக்கு எண் மூன்றையும் அவரே வாசிக்கச் சொல்லி, நீங்கள் காகிதத்தில் எழுதி, பிறகு கடிதத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு எண் பிசகினாலும் நிறுத்துங்கள். ஒத்துப்போனால், பேசிய எண், பேசியவர் பெயர், தேதி, நேரம் நான்கையும் அந்தக் கடிதத்தின் மேலேயே எழுதி கோப்பில் வையுங்கள். வங்கியில் புதிய பெறுநரைச் சேர்ப்பவரும் பணத்துக்கு ஒப்புதல் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. உங்கள் நிறுவனத்தில் ஒப்புதல் கொடுப்பவர் முதலாளி. அவர் அந்தக் குறிப்பைப் பார்த்த பிறகே அழுத்த வேண்டும்.

சப்ளையர் போன் எடுக்கவே இல்லை என்றால் பணம் நிற்க வேண்டும். வேறு விதிவிலக்கு கிடையாது.

உங்கள் கடிதத்தில் போன் செய்யாமலேயே பார்க்கக்கூடிய ஒரு விஷயமும் இருக்கிறது. வங்கியின் ஸ்விஃப்ட் குறியீட்டில் ஐந்தாவது, ஆறாவது எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். `IDIBINBB` என்றால் இந்தியன் வங்கி, நடுவில் `IN`. `DBSSSGSG` என்பதில் `SG`. உங்களுக்கு வந்ததில் `HK` இருக்கும். ஓர் எச்சரிக்கை: அமெரிக்க டாலர் அனுப்பும்போது இடைநிலை வங்கி என்று நியூயார்க்கில் இருக்கும் வங்கி ஒன்றைக் குறிப்பிடுவது சர்வ சாதாரணம். அந்த வரியில் `US` இருந்தால் பதற வேண்டாம். பணம் கடைசியாகப் போய்ச் சேரும் வங்கியின் வரியைத்தான் பார்க்க வேண்டும்.

ஹாங்காங் என்பது ஏன் உறுத்த வேண்டும் என்றால், இந்திய ஏற்றுமதியாளர் தன் சரக்குக்கான அந்நியச் செலாவணியை இந்தியாவில் அனுமதி பெற்ற வங்கி மூலம் பெற்று, அதைத் தன் ஷிப்பிங் பில்லோடு இணைத்துக் காட்ட வேண்டும். அந்த வங்கிக்கு உரிய ஏ.டி. கோடை அவர் சுங்கத்துறையில் பதிந்திருப்பார். விருதுநகரிலிருந்து போன மிளகாய்க்கான பணம் வேறு ஒரு நிறுவனத்தின் பெயரில் ஹாங்காங்கில் இறங்கினால், இந்தியாவில் அந்த ஷிப்பிங் பில் தீராமல் தொங்கும். அவருடைய ஆடிட்டர் அவரைச் சும்மா விடமாட்டார். "ஆடிட் நடக்கிறது, அதனால் வேறு நாட்டுக்கு அனுப்புங்கள்" என்ற காரணம், ஆடிட் தெரிந்தவர் சொல்லக்கூடிய காரணமே இல்லை. போதாக்குறைக்கு, கணக்கு ஆடிட்டில் இருப்பதால் அதில் பணம் வருவது நிற்காது.

வங்கி பெயரைச் சரிபார்த்துவிடும் என்று முதலாளி நம்பினால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பரிமாற்றத்தில் பெறுநரின் பெயரை நீங்கள் எழுதினாலும், பல இடங்களில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே வரவு வைக்கப்படுகிறது. உள்ளூர் சப்ளையர் என்றால் நமக்கு ஒரு வசதி உண்டு: நிறுவனத்தின் யு.இ.என். எண்ணுக்கு பேநவ் மூலம் அனுப்பும்போது, உறுதி செய்வதற்கு முன் பெறுநரின் பெயர் திரையில் வரும், யு.இ.என்-ஐ நிறுவனங்களைப் பதியும் ஆக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடி நிறுவனத்தின் பெயரையும் பார்த்துக்கொள்ளலாம். விருதுநகருக்கு அனுப்பும் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபரில் அந்த வசதி இல்லை.

"அப்ப முதல்ல ஒரு பத்து டாலர் அனுப்பிப் பார்க்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். பத்து டாலர் போய்ச் சேர்ந்தால், அந்தக் கணக்கு இருக்கிறது என்று தெரியும். யாருடையது என்று தெரியாது. மோசடிக்காரர் "கிடைத்தது, நன்றி" என்று நேர்த்தியாக எழுதிவிடுவார். சோதனைத் தொகைக்கு ஒரே ஒரு விதத்தில்தான் பயன்: வழக்கத்துக்கு மாறான ஒரு தொகையை, உதாரணமாக 23.70 என்று அனுப்பிவிட்டு, எவ்வளவு அனுப்பினோம் என்று யாரிடமும் சொல்லாமல், பழைய எண்ணில் அண்ணாச்சியைக் கூப்பிட்டு "எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்க வேண்டும். வழியில் வங்கிக் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் சரியாக 23.70 வராது, ஆனால் கட்டணம் போக ஒரு தொகை வந்திருப்பதை அவர் தன் கணக்கில் பார்க்க முடியும். இந்தப் போன் அழைப்பு இல்லாமல் சோதனைத் தொகை வீண்.

முதலாளியிடம் என்ன சொல்வது என்பதுதான் உங்களுக்கு நெருக்கடி என்று நினைக்கிறேன். அவர் வாட்ஸ்அப்பில் சொன்னதையே வைத்து அனுப்பாதீர்கள். அவரையும் போனில் கூப்பிடுங்கள். அவருடைய வாட்ஸ்அப்பும் ஒரு வழிதான், அதையும் பிறர் பிடித்திருக்கலாம். "சார், ஸ்விஃப்ட் கோடு ஹாங்காங்னு காட்டுது, கணக்குப் பேரும் வேற. அண்ணாச்சியோட பழைய நம்பர் உங்ககிட்ட இருக்கும், நீங்களே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்றால், வேலையை அவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள், உத்தரவை மீறியதாகவும் ஆகாது. கன்டெய்னர் பற்றிய பயத்துக்கு, இறங்கிய பிறகு இலவசமாக எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று உங்கள் ஃபார்வர்டரிடம் கேளுங்கள். அதற்கு மேல் ஒரு நாள் தாமதமானால் வரும் கட்டணத்தை அவர் சொல்வார். அந்தத் தொகையை 29,120-க்குப் பக்கத்தில் எழுதி முதலாளிக்குக் காட்டுங்கள். பணம் தவறான இடத்துக்குப் போனால் சப்ளையருக்கு வர வேண்டிய பாக்கி அப்படியே இருக்கும்; சரக்கை எடுக்கத் தேவையான பில் ஆஃப் லேடிங்கை அவர் விடமாட்டார்; கன்டெய்னர் அப்போது இன்னும் அதிக நாள் நிற்கும்.

இந்த வரிகளைப் படிப்பதற்குள் முதலாளி ஒப்புதல் கொடுத்துப் பணம் போய்விட்டிருந்தால், கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உங்கள் வங்கியின் 24 மணி நேர மோசடி எண்ணைக் கூப்பிடுங்கள். அந்த எண்ணை வங்கி அட்டையின் பின்புறத்திலிருந்தோ வங்கியின் செயலியிலிருந்தோ எடுங்கள். இணையத்தில் தேடி முதலில் வருவதை எடுக்காதீர்கள். பரிமாற்றம் இன்னும் புறப்படவில்லை என்றால் நிறுத்துவார்கள். புறப்பட்டிருந்தால் திரும்பக் கோரும் செய்தியைப் பெறுநரின் வங்கிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த வங்கி ஒத்துக்கொண்டால்தான் பணம் வரும், அதுவும் பணம் அங்கே இன்னும் இருந்தால்தான். அதனால் அதோடு நிற்காமல் காவல்துறையில் உடனே புகார் செய்யுங்கள். என்ன செய்வதென்று புரியவில்லை என்றால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799 இரவும் பகலும் இருக்கிறது. கையில் வைத்திருக்க வேண்டியவை: பரிமாற்ற எண், அனுப்பிய நேரம், பெறுநரின் கணக்கு விவரம், மோசடி இமெயிலின் முழு மூலம்.

நேரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு 2024 ஜூலையில் இங்கே நடந்ததே உதாரணம். சிங்கப்பூரில் உள்ள ஒரு சரக்கு வணிக நிறுவனத்துக்கு 15ஆம் தேதி, சப்ளையர் பெயரில், கீழைத் திமோரில் ஒரு புதிய வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்டு இமெயில் வந்தது. முகவரியில் எழுத்து சற்றே மாறியிருந்தது. 19ஆம் தேதி 42.3 மில்லியன் அமெரிக்க டாலர் போனது. நான்கு நாள் கழித்து உண்மையான சப்ளையர் "பணம் வரவில்லையே" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. காவல்துறை இன்டர்போலின் ஐ-கிரிப் என்ற அவசர ஏற்பாட்டின் மூலம் திமோர் அதிகாரிகளைத் தொடர்புகொண்டு, 25ஆம் தேதி 39 மில்லியன் டாலரைக் கண்டுபிடித்து முடக்கியது. பின்னர் அங்கே ஏழு பேர் கைதானார்கள், இன்னும் 2 மில்லியன் டாலருக்கு மேல் மீட்கப்பட்டது. கணக்கில் பணம் இன்னும் இருந்ததால் அது நடந்தது. பெரும்பாலான மோசடிகளில் பணம் அத்தனை நாள் ஒரே கணக்கில் தங்குவதில்லை.

இன்னொன்று. கசிந்தது சப்ளையரின் பெட்டி என்றே வைத்துப் பேசினேன். உங்களுடையதாகவும் இருக்கலாம். பாக்கி 29,120 என்று உங்கள் பெட்டியில் இருந்தும் படித்திருக்க முடியும். உங்கள் இமெயில் அமைப்புகளில் வடிகட்டி விதிகள், தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு இரண்டையும் திறந்து பாருங்கள். நீங்கள் எழுதாத விதி ஒன்று இருந்தால் அதைப் படம் பிடித்துவிட்டு நீக்குங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றி, மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறச் செய்து, இரண்டு கட்ட உறுதிப்பாட்டைப் போடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு விதியை விட்டுவைத்தால், கடிதங்கள் தொடர்ந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்த கொள்முதல் ஆணையை எழுதும்போது அதன் அடியில் இந்த வரியைச் சேர்த்துவிடுங்கள், சப்ளையரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரட்டும்: "வங்கிக் கணக்கு விவரத்தில் எந்த மாற்றமும், இந்த ஆணையில் குறிப்பிட்டுள்ள தொலைபேசி எண்ணில் வாங்குபவர் அழைத்து, பங்குதாரர் ஒருவர் வாய்மொழியாக உறுதி செய்த பின்னரே செல்லுபடியாகும். அதுவரை பணம் தாமதமானால் வாங்குபவர் பொறுப்பல்ல." அந்த எண்ணை விசிட்டிங் கார்டிலிருந்து எடுத்து, அண்ணாச்சியிடம் ஒரு முறை பேசிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.